சேரும் முன் ஒரு கேள்வி: ஜூலை 17 தேர்வு, ஆகஸ்ட் 20 கல்யாணம்

வணக்கம் மேடம்,

ஆஃபர் லெட்டர் கிடைத்தது, ரொம்ப சந்தோஷம். ஜூன் 1 திங்கட்கிழமை சேர்வதில் மாற்றம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள், அதற்கு முன் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்றுதான் இந்த மெயில்.

எனக்கு ஆகஸ்ட் 20 வியாழக்கிழமை கல்யாணம். இண்டர்வியூவுக்குக் கூப்பிடும் முன்பே தேதி குறித்து, இடத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது, இனி நகர்த்த முடியாது. ஆகஸ்ட் 19 புதன் முதல் 25 செவ்வாய் வரை லீவு வேண்டும், 26-ஆம் தேதி காலை வந்துவிடுவேன். இது போக, அஞ்சல் வழியில் படிக்கும் முதுகலையின் கடைசித் தாள் ஜூலை 17 வெள்ளிக்கிழமை, அதற்கு அந்த ஒரு நாள் போதும். படிக்க லீவு கேட்க மாட்டேன், அதை ராத்திரியில் பார்த்துக்கொள்கிறேன்.

லெட்டரில் லீவு பற்றி ஏழாம் பக்கத்தில் இருப்பது இரண்டே வரி: மாதத்துக்கு ஒன்றரை நாள் சேரும், மற்றவை கம்பெனி விதிப்படி. அந்த 'மற்றவை'யில்தான் எனக்குச் சந்தேகம். முதல் ஆறு மாதம் புரொபேஷன் என்றும் இருக்கிறது. சேர்ந்த லீவை அந்தச் சமயத்திலேயே எடுக்கலாமா, இல்லை கன்ஃபர்ம் ஆன பிறகுதானா? எடுக்கலாம் என்றால் ஜூலை முடிவில் என் கணக்கில் மூன்று நாள் இருக்கும், தேர்வுக்கு ஒன்று போனால் மிச்சம் இரண்டு. கல்யாணத்துக்கு வேலை நாள் மட்டும் ஐந்து, ஆக மூன்று நாள் குறைகிறது.

அந்த மூன்றை அட்வான்ஸாகத் தந்து பிறகு கழித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சம்பளப் பிடித்தம் செய்துகொள்ளுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடுவில் வரும் சனி, ஞாயிறையும் லீவாகச் சேர்த்து ஐந்தை ஏழாக்கும் விதி உண்டா என்று மட்டும் சொல்லிவிடுங்கள், பழைய ஆபீஸில் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் அது எனக்குத் தெரிய வந்தது.

பிடித்தத்தைவிட எனக்குப் பெரிய கவலை, லீவு எடுத்த நாட்களுக்காக புரொபேஷன் தள்ளிப்போகுமா என்பது. அப்புறம், ஜூலையில் பயிற்சி வகுப்பு இருக்கும் என்று போனில் சொன்னீர்கள். 17-ஆம் தேதி அதில் மாட்டினால் விட்டதை வேறு பேட்ச்சில் உட்கார்ந்து முடிக்கலாமா?

டீம் மேனேஜரிடம் இதை நானே சொல்லட்டுமா, நீங்கள் சொல்வது முறையா? எப்படியானாலும் சேர்ந்த முதல் வாரமே போர்ட்டலில் இரண்டு லீவையும் போட்டுவிடுகிறேன். பத்திரிகை இன்னும் அச்சாகவில்லை, ஆதாரம் வேண்டுமென்றால் முன்பணம் கட்டிய ரசீதும் தேர்வு அட்டவணையும் அனுப்புகிறேன்.

போனில் பேசினாலும் சரி, முடிவை மட்டும் இதே மெயிலுக்குப் பதிலாக இரண்டு வரி எழுதிவிடுங்கள். வியாழன் மாலைக்குள் வந்தால் வெள்ளி காலை கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

நன்றி மேடம்.