மூத்த கணக்காளர் பணிக்கான விண்ணப்பம்

திருமங்கலம்
09.03.2026

மனிதவளப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இயங்கும் தங்கள் ரப்பர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு மூத்த கணக்காளர் தேவை என்று சென்ற வாரம் நாளிதழில் வெளியான அறிவிப்பைப் பார்த்து இதனை எழுதுகிறேன். பணி அனுபவத்தில் இடைவெளி இருப்பவர்கள் அதற்கான காரணத்தைக் கடிதத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்று அறிவிப்பில் கேட்டிருக்கிறீர்கள். என் தன்விவரக் குறிப்பில் 2023 நவம்பர் முதல் 2025 ஜூன் வரை இருபது மாதங்களுக்கு எந்தப் பணியும் குறிப்பிடப்பட்டிருக்காது. அதைப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழக்கூடிய கேள்வி அதுதான் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த இருபது மாதங்களும் உடல்நலக் குறைவின் காரணமாக நான் சிகிச்சையிலும் அதற்குப் பிந்தைய ஓய்விலும் இருந்தேன். சிகிச்சை நிறைவடைந்துவிட்டது. 2025 ஜூன் மாத இறுதியில், நான் முழு நேரப் பணிக்குத் தகுதியுடன் இருப்பதாக என் மருத்துவர் எழுத்து மூலம் சான்றளித்தார். கணினி முன் நாள் முழுவதும் அமர்ந்து வேலை செய்வதற்கோ, நாள்தோறும் பயணம் செய்வதற்கோ, ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலத்தில் கூடுதல் நேரம் இருப்பதற்கோ எனக்கு இப்போது எந்தத் தடையும் இல்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அரை நாள் பரிசோதனைக்குச் செல்ல வேண்டியிருக்கும். அந்த நாளை நானே தேர்ந்தெடுக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். GSTR-1 படிவத்துக்குரிய 11ஆம் தேதியும் GSTR-3B படிவத்துக்குரிய 20ஆம் தேதியும் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அறிவேன் என்பதால், பரிசோதனையை எப்போதும் 21ஆம் தேதிக்குப் பிறகே வைத்துக்கொள்வேன்.

நோயின் பெயரையும் சிகிச்சையின் விவரங்களையும் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குக் காரணமில்லை. சென்ற ஆண்டு இறுதியில் வேறோர் இடத்தில் நேர்காணலுக்குச் சென்றிருந்தபோது, கேட்பதற்கு முன்பே என் சிகிச்சையைப் பற்றி முதலிலிருந்து கடைசி வரை நானே சொல்லிவிட்டேன். எதிரில் இருந்தவர்கள் மிகுந்த அக்கறையோடு கேட்டார்கள். தங்கள் வீட்டில் நடந்தவற்றையும் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் அரை மணி நேரமும் அதிலேயே கழிந்தது. கணக்கு வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட எழவில்லை. அவர்களிடம் பிழை ஒன்றும் இல்லை. என்னால் எந்த வேலையைச் செய்ய முடியும், எந்த நாளில் வர இயலாது என்ற இரண்டையும் தெரிந்துகொள்வது தங்கள் உரிமை என்று நான் நம்புகிறேன். அவற்றை மேலே முழுமையாகச் சொல்லியிருக்கிறேன். மருத்துவரின் தகுதிச் சான்றிதழைப் பணி நியமனத்தின்போது அளிக்கிறேன். தங்கள் நிறுவன விதிப்படி வேறு மருத்துவரிடம் உடற்தகுதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றாலும் எனக்கு முழுச் சம்மதமே.

இடைவெளிக்கு முன், 2012 ஜூன் முதல் மதுரை கிழக்கு மாசி வீதியில் உள்ள ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில் பணியாற்றினேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பி.காம். முடித்த கையோடு பில் பதிவாளராகச் சேர்ந்து, கடைசி நான்கு ஆண்டுகள் கணக்குப் பிரிவின் முழுப் பொறுப்பையும் வகித்தேன். 2023 நவம்பரில் மருத்துவ விடுப்பில் சென்றபோது இரண்டு மாதங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அதற்கு மேலும் காலம் தேவைப்படும் என்று தெரிந்தவுடன், மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முன் வேறொருவர் பொறுப்பேற்க வசதியாக 2024 ஜனவரியில் நானே விலகல் கடிதம் கொடுத்தேன். வர வேண்டிய பாக்கிகள், காசோலைகளின் நிலை, சாயப்பட்டறைகளில் நிற்கும் துணியின் அளவு ஆகியவற்றைப் பதினோரு பக்கங்களில் எழுதி, புதிதாக வந்தவரிடம் ஒப்படைத்த பிறகே விலகினேன். அந்நிறுவனத்தின் மூத்த பங்குதாரரும் அதன் ஆடிட்டரும் என்னைப் பற்றித் தங்களிடம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய தொடர்பு விவரங்கள் தன்விவரக் குறிப்பில் உள்ளன.

அங்கே செய்தவற்றில் தங்கள் தொழிற்சாலைக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, அதுவரை விற்பனை வரியே இல்லாதிருந்த பருத்தித் துணிக்கு ஐந்து சதவீத வரியோடு பில் எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. சிறு ஊர்களிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் பலரிடம் பதிவு எண்ணே இல்லை. ஒவ்வொருவரிடமும் பேசி, பதிவு உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரித்துப் பட்டியல் எடுத்ததுதான் நான் தனியாகப் பொறுப்பேற்றுச் செய்த முதல் பெரிய வேலை. 2022 அக்டோபர் 1 முதல் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின்னணு விலைப்பட்டியல் கட்டாயமானபோது எங்கள் நிறுவனமும் அதற்குள் வந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே எல்லா வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் சரிபார்த்து முடித்திருந்ததால், முதல் நாளில் ஒரு லாரிகூடப் பில் கிடைக்காமல் நிற்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு நிறைவாக இருக்கிறது.

சாயம் போடுவதற்கு வெளியே துணி அனுப்பும் கணக்கு முழுவதும் என்னிடமே இருந்தது. கூலி வேலைக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அது விற்கப்பட்டதாகச் சட்டம் கருதும் என்பதால், ஒவ்வொரு அனுப்புச் சீட்டுக்கும் எதிரில் திரும்பி வந்த மீட்டரை எழுதி, ஒன்பதாம் மாதத்திலேயே நினைவூட்டும் பழக்கத்தை ஏற்படுத்தினேன். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ITC-04 படிவம் தாக்கல் செய்ததும் நானே. தங்கள் தொழிற்சாலையிலிருந்தும் கலவையும் அச்சுகளும் வெளிப் பட்டறைகளுக்குச் சென்று வருவதாக அறிவிப்பில் இருந்தது. துணி அளந்த பழக்கம் ரப்பருக்கு எப்படி உதவும் என்று தாங்கள் கேட்கக்கூடும். பொருள் வேறாக இருந்தாலும் சீட்டும் கெடுவும் ஒன்றுதான்; அச்சுகளுக்கு மட்டும் திரும்பி வர வேண்டிய காலக்கெடு பொருந்தாது என்ற வேறுபாட்டையும் அறிவேன். உற்பத்திச் செலவுக் கணக்கில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கழிவு விகிதம், வேலை நடப்பில் உள்ள சரக்கின் மதிப்பு ஆகியவற்றைத் தங்கள் முறைப்படி கற்றுக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் தேவைப்படும்.

இருபது மாதங்களில் கணக்குத் துறையில் மாறியவை குறைவல்ல. சிறு, குறு உற்பத்தியாளர்களுக்குத் தர வேண்டிய தொகையை உடன்படிக்கை இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களிலும், இல்லாவிட்டால் 15 நாட்களிலும் தராதவர்கள், பணம் கொடுத்த ஆண்டில் மட்டுமே அதைச் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி, நான் விடுப்பில் இருந்த 2023-24ஆம் ஆண்டுக் கணக்கில்தான் முதன்முறையாகப் பொருந்தியது. கொள்முதல் விலைப்பட்டியல்களை ஒவ்வொன்றாக ஏற்கவோ மறுக்கவோ நிறுத்திவைக்கவோ உதவும் IMS பகுதி 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி இணையதளத்தில் வந்தபோதும் நான் வீட்டில்தான் இருந்தேன். எனவே 2025 ஜூலை முதல், திருமங்கலத்தில் உள்ள இரண்டு சிறு கடைகளின் கணக்குகளை வீட்டிலிருந்தபடியே, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று தொடங்கிப் பார்த்து வருகிறேன். ஒன்று ஆயத்த ஆடைக் கடை; மற்றொன்று இருசக்கர வாகன உதிரிபாகக் கடை. இப்போது அது நாளுக்கு ஆறு மணி நேர வேலையாகியிருக்கிறது.

செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் மாறியபோது அந்த இரண்டு கடைகளுமே எனக்குப் பாடம் நடத்தின என்று சொல்லலாம். உதிரிபாகங்களுக்கான 28 சதவீதம் 18 ஆனது. 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 என்றானது. அன்று கையிருப்பில் இருந்த ஒவ்வொரு பொருளின் விகிதத்தையும் முந்தைய இரவே மாற்றி வைத்தோம். பழைய விகிதத்தில் விற்ற பொருள் பிறகு திரும்பி வந்தால், வரவுச் சீட்டைப் பழைய விகிதத்திலேயே போட வேண்டும் என்பதைக் கடைக்காரருக்கு எழுதியே கொடுத்தேன். தாங்களும் வாகன உதிரிபாகத் துறையில் இருப்பதால், இந்த மாற்றத்தின் பாக்கிகள் தங்கள் ஏடுகளிலும் இன்னும் முழுதாகத் தீர்ந்திருக்காது என்று நினைக்கிறேன். வரும் ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதையொட்டி, மூலவரிப் பிடித்தத்தின் புதிய பிரிவு எண்களைப் பழையவற்றோடு ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரித்து வருகிறேன். எனக்காகச் செய்ததுதான், தங்களுக்குப் பயன்படுமானால் மகிழ்வேன்.

இந்த இரு கடைகளின் பொறுப்பை ஒப்படைக்க எனக்குப் பதினைந்து நாட்கள் போதும். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு நடுவே அவர்களை விட்டுவிட மனமில்லாததால், ஏப்ரல் 15 முதல் பணியில் சேர இயலும். திருமங்கலத்திலிருந்து கப்பலூருக்கு நகரப் பேருந்து அடிக்கடி உண்டு. காலை ஒன்பது மணிக்கு வருவதில் சிரமம் இல்லை. தாங்கள் விரும்பினால், முதல் மூன்று மாதங்களைத் தகுதிகாண் காலமாகக் கொண்டு என் வேலையை மதிப்பிட்ட பின் நிரந்தரம் குறித்து முடிவு செய்வதற்கும் இசைகிறேன். அந்த மூன்று மாதங்களிலும் முழு நேரமாகவே பணியாற்ற விரும்புகிறேன். சலுகையாக நேரத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

நேர்காணலுக்கு அழைத்தால், என் பெயரும் வாடிக்கையாளர் பெயர்களும் நீக்கப்பட்ட அனுப்புச் சீட்டுப் பதிவேட்டின் மாதிரி ஒன்றை, முன்னாள் நிறுவனத்தின் அனுமதியுடன் எடுத்து வருகிறேன். வார நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எந்த நாளும் வர இயலும். இந்த மாதம் 20ஆம் தேதி மட்டும் தாக்கல் வேலை இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
மு. பாண்டிச்செல்வி

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, பட்டச் சான்றிதழ் நகல், முன்னாள் நிறுவனத்தின் பணிச் சான்றிதழ் நகல்