காய்ச்சல் நாள் 1 முதல் நாள் 21 வரை: திருத்திய நோயாளிச் சுருக்கம்

தம்பி, வணக்கம். உங்கள் வரைவைப் படித்தேன். நல்ல ஸ்க்ரப் டைஃபஸ் கேஸ், சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். திருத்தி எழுதியதைக் கீழே வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு இதையே அச்சடிக்கலாம். ஏன் மாற்றினேன் என்பதை அதற்குப் பின்னால் சொல்கிறேன்.

திருத்திய சுருக்கம்

நாற்பதுகளில் உள்ள பெண். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் கேரளப் பக்கம் ஏலத் தோட்ட வேலைக்குப் போய்வருபவர். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இல்லை. நோய் வந்தது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். காய்ச்சல் தொடங்கிய நாளே இந்தத் தாள் முழுக்க நாள் 1.

நாள் 1 முதல் 3 வரை: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், தலைவலி, உடல்வலி. மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார்.

நாள் 4: வேலையிடத்துக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் காட்டினார். டெங்கு என்.எஸ்.1 நெகட்டிவ். செஃபிக்சிம் 200 மி.கி. இரு வேளை கொடுத்தார்கள். ஓ.பி. சீட்டு மலையாளத்தில் இருந்தது.

நாள் 7: இருமலும் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொள்ள, மாலையில் நம்மிடம் சேர்க்கப்பட்டார். காய்ச்சல் 102.4 டிகிரி ஃபாரன்ஹீட், நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 100/70, மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்ஸிஜன் இல்லாமல் செறிவு 91%. தட்டணுக்கள் 78,000, எஸ்.ஜி.ஓ.டி. 164, எஸ்.ஜி.பி.டி. 121, கிரியேட்டினின் 1.3. எக்ஸ்ரேயில் இரு நுரையீரலின் கீழ்ப்பகுதியிலும் மங்கல். மலேரியா ஸ்மியர், டெங்கு ஐஜிஎம் இரண்டும் நெகட்டிவ். செஃப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கப்பட்டது. அக்குள், மார்பின் அடிமடிப்பு, இடுப்பு மடிப்பு பார்க்கப்பட்டதாகச் சேர்க்கைக் குறிப்பில் பதிவு இல்லை.

நாள் 8: காய்ச்சல் 103 டிகிரி. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்ஸிஜன்.

நாள் 9: காலையில் உடம்பு துடைத்துவிடும்போது, வலது அக்குளில் சுமார் 8 மி.மீ. அளவில் வலியில்லாத கரும்பொருக்கை செவிலியர் பார்த்துச் சொன்னார். எஸ்கார் என்று மருத்துவர் உறுதிசெய்தார். நோயாளிக்கு அது இருப்பதே தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் எலைசாவுக்கு ரத்தம் அனுப்பப்பட்டது. முடிவுக்குக் காத்திராமல் அன்று காலையே டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை தொடங்கி, செஃப்ட்ரியாக்சோன் நிறுத்தப்பட்டது.

நாள் 10 இரவு: காய்ச்சல் இறங்கியது. நாள் 11: எலைசா பாசிட்டிவ். நாள் 12: ஆக்ஸிஜன் எடுக்கப்பட்டது. நாள் 14: வீடு திரும்பினார். நாள் 15: டாக்ஸிசைக்ளின் 7 நாள் முடிந்தது. நாள் 21: மறுபரிசோதனையில் நலம், தட்டணுக்கள் 2.4 லட்சம்.

பேச வேண்டியது: காய்ச்சல் தொடங்கி எட்டு நாள் கழித்துத்தான் இந்த நோய்க்கு வேலை செய்யும் மருந்து போய்ச் சேர்ந்தது. அதில் சுமார் ஒன்றரை நாள் நம் வார்டில் கழிந்தது. ஸ்க்ரப் டைஃபஸை உண்டாக்கும் ஒரியன்ஷியா சுசுகாமுஷி நம் உயிரணுக்களுக்கு உள்ளே வாழும் கிருமி. செஃபிக்சிமோ செஃப்ட்ரியாக்சோனோ அதை ஒன்றும் செய்யாது. இதைப் பரப்பும் உண்ணியின் இளம்புழு கடித்த இடத்தில்தான் எஸ்கார் வரும், அங்கே வலியோ அரிப்போ பெரிதாக இருக்காது, ஆகவே நோயாளி காட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஐஜிஎம் முதல் வாரத்தில் நெகட்டிவாக வரலாம். தோட்டத்துக்கோ காட்டோரத்துக்கோ போகிறவர் ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சலோடு வந்தால், திரை போட்டு, பெண் ஊழியர் துணையோடு, மடிப்புகள் அத்தனையையும் பார்க்க வேண்டும். கடி பட்டு காய்ச்சல் வர 6 முதல் 21 நாள் ஆகலாம் என்பதால், மூன்று வாரத்து வேலை விவரத்தைக் கேட்க வேண்டும்.

ஏன் இப்படி

உங்கள் வரைவில் நாள்கணக்கு மூன்று விதமாக ஓடுகிறது. சில இடத்தில் காலண்டர் தேதி, சில இடத்தில் “அட்மிஷன் ஆகி மூன்றாம் நாள்”, ஓரிடத்தில் “தீபாவளிக்கு மறுநாள்”. டாக்ஸிசைக்ளின் “மூன்றாம் நாள் தொடங்கப்பட்டது” என்று எழுதியிருந்தீர்கள். படிப்பவர் அதைக் காய்ச்சலின் மூன்றாம் நாள் என்று எடுத்துக்கொண்டால், சீக்கிரமே பிடித்துவிட்டோம் என்றாகிவிடும். உண்மையில் அது ஒன்பதாம் நாள். நாள் 1 என்று ஒரே கணக்கில் போட்டதும் தாமதம் தானாகத் தெரிகிறது, தேதியும் மறைகிறது. தெளிவுக்கும் மறைப்புக்கும் இங்கே வேலை ஒன்றுதான். கேர் வழிகாட்டுதல் 2013இல் வந்தபோதே கேஸ் ரிப்போர்ட்டில் காலவரிசைக்கென்று தனி இடம் கேட்டது இதற்காகத்தான்.

இன்னொன்றை நான் விட மாட்டேன். எஸ்காரை நீங்கள் சேர்க்கையின்போது செய்த பரிசோதனைப் பத்தியில் எழுதியிருந்தீர்கள். செவிலியர் குறிப்பேட்டில் அது நாள் 9 காலை. பின்னால் தெரிந்ததை முன்னால் எழுதினால் கேஸின் பாடமே போய்விடும், அதைக் கண்டுபிடித்தவரின் பங்கும் மறைந்துவிடும். பார்க்காததைப் “பார்த்ததாகப் பதிவு இல்லை” என்று எழுதுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்புறம், அடையாளம். பெயரையும் ஐ.பி. எண்ணையும் எடுத்துவிட்டீர்கள், சரி. ஆனால் இந்தத் தாளைப் படிக்கப் போகிறவர்கள் கிராம சுகாதார செவிலியர்கள். அவர்கள் அதே தெருக்களில் வீடு வீடாகப் போகிறவர்கள். ஊர்ப்பெயர், தோட்டத்தின் பெயர், அவர் அங்கே கங்காணி என்பது, மகள் எங்கே வேலை பார்க்கிறார் என்பது, தீபாவளி: இதில் இரண்டைச் சேர்த்தாலே யார் என்று சொல்லிவிடுவார்கள். ஐந்தையும் எடுத்துவிட்டேன். வயதைப் பத்தாண்டாக விரித்தேன். ஏலத் தோட்டத்தை மட்டும் விட்டுவைத்தேன். குமுளி, கம்பமெட்டு வழியாகத் தினமும் ஏராளமான பேர் போகிறார்கள், அதை வைத்து ஒருவரைப் பிடிக்க முடியாது. எடுத்தால் நோய் எங்கிருந்து வந்தது என்பதே விளங்காது. வேறு மாவட்டம், வேறு வேலை என்று பொய்யாக மாற்றியும் எழுதக் கூடாது. மறைக்கலாம், மருத்துவ உண்மையைத் திரிக்கக் கூடாது.

படத்தைப் பாருங்கள். அக்குளுக்குக் கீழே கையில் பச்சை குத்திய பெயர் பாதி தெரிகிறது. பொருக்கும் அளவுகோலும் மட்டும் வரும்படி வெட்டிவிட்டு, போன் படத்தோடு ஒட்டிவரும் தேதி, இட விவரத்தையும் நீக்கிவிடுங்கள். கோப்பின் பெயரிலேயே நோயாளியின் பெயர் இருக்கிறது, அதையும் மாற்றுங்கள். பழைய வரைவை வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் இன்றே எல்லோருக்குமாக அழித்துவிடுங்கள்.

பெயர் இல்லையே, ஒப்புதல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் வேண்டும். அவர் அடுத்த முறை வரும்போது இந்தத் தாளைத் தமிழில் படித்துக் காட்டி, படத்தையும் காட்டி, எழுத்தில் வாங்குங்கள். வேண்டாம் என்று சொன்னால் கூட்டத்துக்கு வேறு கேஸ் எடுத்துக்கொள்ளலாம், சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். கையெழுத்து வாங்கிய தாள் கேஸ் ஷீட்டோடு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கூட்டத்துக்குப் போகும் பிரதியோடு அதை இணைக்க வேண்டாம்.

செவிலியர் குறிப்பேட்டில் டாக்ஸிசைக்ளின் முதல் வேளை கொடுத்த மணியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள். “காலை” என்பதற்குப் பதில் மணியைப் போட்டுவிட்டு, ஒப்புதல் கிடைத்ததும் அச்சுக்கு அனுப்பலாம்.