அழைத்தவருக்கு ₹75, வந்தவருக்கு ₹50: நிபந்தனைகள் பொடி எழுத்தில் இல்லை

எங்கள் மதுரைச் செக்கு எண்ணெய்க் கடையின் செயலிக்கு நண்பரை அழைத்தால் பரிசு என்று, மேலே படத்தில் எண்ணெய்த் தூக்கின் மீது ₹75 பெரிதாக எழுதியிருக்கிறதே, அதன் முழுக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மூலையில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டு, பூதக்கண்ணாடி தேடும் அளவுக்குப் பொடி எழுத்தில் நிபந்தனைகளை ஒளித்துவைக்கும் வேலையை இந்த முறை செய்யவில்லை.

"இந்த முறை" என்பதற்குக் காரணம் உண்டு. போன தீபாவளிக்கு நாங்களும் அதைத்தான் செய்தோம். "நண்பரை அழையுங்கள், ₹100 பெறுங்கள்" என்று ஒரே வரி. நான்கு நாள் கழித்து, அப்பா காலத்திலிருந்து எங்களிடம் கடலை எண்ணெய் வாங்கும் ஒருவர் கீழமாசி வீதிக் கடைக்கு வந்து, கைப்பேசியை நீட்டி, "எங்கே தம்பி என் நூறு ரூபாய்?" என்று கேட்டார். அவர் அழைத்த நண்பர் செயலியை இறக்கியதோடு சரி, ஒரு பொட்டலம் உப்புகூட வாங்கவில்லை. வாங்கினால்தான் பரிசு என்பது எழுதப்பட்டிருந்தது உண்மை. அவர் கண்ணில் படும் இடத்தில் எழுதப்படவில்லை என்பதும் உண்மை. நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டோம். ஆனால் அன்று அவர் முகம் போன போக்கை நூறு ரூபாய் சரி செய்யவில்லை.

ஆகவே இந்த ஆண்டு பரிசைக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம், பேச்சைக் கூட்டியிருக்கிறோம். பொறுமையாகப் படியுங்கள்.

உங்களிடம் எங்கள் செக்கு எண்ணெய்ச் செயலி ஏற்கெனவே இருந்தால், உள்ளே "அழையுங்கள்" என்ற பகுதியில் உங்களுக்கென்று ஒரு குறியீடு இருக்கும். MDU7264 என்பதுபோல மூன்று எழுத்து, நான்கு எண். எண்ணா எழுத்தா என்று குழம்பவேண்டாம் என்பதற்காக O, I என்ற இரண்டு எழுத்துகளை எந்தக் குறியீட்டிலும் வைக்கவில்லை. அதை நண்பருக்கு அனுப்புங்கள். அவர் செயலியை இறக்கி, தன் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்து, அக்டோபர் 1 வியாழன் முதல் அக்டோபர் 31 சனி நள்ளிரவுக்குள் (2026) முதல் பில் போட்டால், அந்த பில்லிலேயே அவருக்கு ₹50 கழியும். சரக்கு அவர் கைக்குப் போய் 7 நாள் ஆனதும் உங்கள் கணக்கில் ₹75 ஏறும்.

முதல் பில் ₹499 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். கழிவுக்கு முந்தைய தொகையைத்தான் பார்ப்போம். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கட்டணம் இதில் சேராது. ஓர் எடுத்துக்காட்டு: வில்லாபுரத்தில் இருக்கும் நீங்கள், திருநகரில் இருக்கும் உங்கள் நாத்தனாரை அழைக்கிறீர்கள். அவர் ₹640-க்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் வாங்குகிறார். ₹50 போக ₹590 கட்டுகிறார். அக்டோபர் 5 அன்று சரக்கு போய்ச் சேருகிறது. அக்டோபர் 12 அன்று உங்களுக்கு ₹75. அவ்வளவுதான்.

அதே நாத்தனார் முதலில் ₹430-க்கு வாங்கிவிட்டு, அடுத்த வாரம் ₹900-க்கு வாங்கினால்? இரண்டு பேருக்கும் பரிசு இல்லை. முதல் பில் என்றால் முதல் பில்தான். இது கறாரான விதிதான், ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் ₹499-க்குக் கீழே பணம் கட்டப் போகும்போது, "இன்னும் இத்தனை ரூபாய்க்கு எடுத்தால் ₹50 கழியும்" என்று செயலியே ஒரு தடவை சொல்லும். ஒரு தடவைதான். கடையில் நின்றுகொண்டு "வேறென்ன வேண்டும், வேறென்ன வேண்டும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பது எங்களுக்கும் பிடிக்காது.

ஏழு நாள் எதற்கு என்று கேட்பீர்கள். டின் ஒழுகினாலோ, கேட்டது ஒன்று வந்தது ஒன்றாக இருந்தாலோ 7 நாளுக்குள் திருப்பித் தரலாம். முழு பில்லும் திரும்பி வந்துவிட்டால் அது விற்பனையே இல்லை; பரிசும் இல்லை. ஒன்றிரண்டு பொருள் மட்டும் திரும்பி, மீதி ₹499-க்குக் குறையாமல் இருந்தால் பரிசு நிற்கும்.

இந்த ஏழு நாள் கணக்கை இன்னொரு காரணத்துக்காகவும் மனத்தில் வையுங்கள். தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலைக் குளியலுக்கான நல்லெண்ணெய், பலகாரத்துக்கான கடலை எண்ணெய் எல்லாவற்றையும் இந்த ₹75-ஐக் கழித்தே வாங்க நினைத்தால், உங்கள் நண்பர் அக்டோபர் 20-க்குள் பில் போட்டுவிடுவது நல்லது. கடைசி நாளில் போட்டால் உங்கள் பரிசு பட்டாசுச் சத்தத்தோடுதான் வந்து சேரும்.

யார் புதியவர்? செயலியில் இதுவரை பதிவாகாத கைப்பேசி எண் உள்ளவர். கடைக்கு நேரில் வந்து இருபது ஆண்டாக வாங்குகிறவரும், செயலிக்கு முதல் முறை வந்தால் புதியவர்தான். பேரேட்டில் பெயர் இருப்பதைக் காட்டித் தள்ள மாட்டோம். ஆனால் ஒரு முகவரிக்கு ஒருவர்தான் கணக்கு. சென்ற ஆண்டு ஒரே வீட்டிலிருந்து பதினோரு கணக்குகள் வந்தன; பதினோரு பேரும் ஒரே மாடிப்படி, ஒரே நீலக் கதவு. உழைப்பைப் பாராட்டுகிறோம், பரிசு தர இயலாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கவலைப்படவேண்டாம், கதவு எண் வேறாக இருந்தால் போதும். உங்கள் கைப்பேசியிலேயே வேறு சிம் போட்டு உங்களை நீங்களே அழைத்துக்கொள்வதும் செல்லாது.

வெளியூர்க்காரர்களையும் அழைக்கலாம். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் மகனுக்கு இங்கிருந்து எண்ணெய் போவது புதிதில்லையே. பார்சலில் போகும் சரக்குக்கு மட்டும் முதல் பில் ₹799 இருக்கவேண்டும். கூரியர் செலவு அப்படி.

குறியீட்டை எப்போது போடவேண்டும் என்பதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பிய இணைப்பைத் தொட்டு, அதன் வழியாகவே பிளே ஸ்டோருக்குப் போய்ச் செயலியை இறக்கினால் குறியீடு தானாக ஏறிவிடும். அப்படியில்லாமல் தானே தேடி இறக்கினாலோ, ஐபோன் வைத்திருந்தாலோ, பதிவு செய்யும் திரையில் "யார் அழைத்தார்?" என்ற கட்டத்தில் கையால் தட்டவேண்டும். முதல் பில்லுக்குப் பணம் கட்டும்வரை போடலாம். கட்டிய பிறகு போட முடியாது. கடைக்கு வந்து கேட்டாலும் எங்களால் ஏற்ற முடியாது. நண்பரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சேர்ந்த ₹75 ரொக்கமாக வராது. செயலியில் உங்கள் கணக்கில் இருக்கும். எங்கள் சரக்குக்கு மட்டுமே செல்லும். வங்கிக்கு மாற்றவோ இன்னொருவருக்குக் கொடுக்கவோ முடியாது. ₹400-க்கு மேற்பட்ட பில்லில், ஒரு தடவைக்கு ₹150 வரை கழித்துக்கொள்ளலாம். கணக்கில் ஏறிய நாளிலிருந்து 60 நாள் இருக்கும், பிறகு போய்விடும். போவதற்கு ஒரு வாரம் முன்பு குறுஞ்செய்தி வரும்.

ஒருவர் அதிகபட்சம் 10 பேரை அழைக்கலாம், அதாவது ₹750. முதலில் இருபது பேர் என்றுதான் நினைத்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ₹1,500-ஐத் தீர்க்க 60 நாளில் பத்து பில் போடவேண்டும். எந்த வீட்டில் அவ்வளவு எண்ணெய் செலவாகும்? மருத்துவர்கள் எங்களைத் திட்டுவார்கள். தீர்க்க முடியாத பரிசைக் கொடுத்துவிட்டு, காலாவதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வது கொடுக்காததற்குச் சமம்.

"நான் அழைத்தவர் இன்னொருவரை அழைத்தால் எனக்கும் பங்கு உண்டா?" இதைக் கேட்காத நாளில்லை. கிடையாது. அவர் அழைத்தால் அது அவருடைய ₹75. ஆளுக்குக் கீழ் ஆள் சேர்த்து, அந்தச் சேர்க்கையிலிருந்தே மேலே இருப்பவருக்குப் பணம் ஏறும் சங்கிலி எங்கே போய் முடியும் என்பதை மதுரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 1978 முதலே இருக்கிறது. சேருவதற்கும் நாங்கள் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. நாங்கள் விற்பது எண்ணெய். ஆள் சேர்ப்பது எங்கள் தொழிலில்லை.

உங்கள் தொலைபேசியில் இருக்கும் பெயர்ப் பட்டியலைச் செயலி கேட்காது. யாருக்கு அனுப்புவது என்பதை நீங்களே முடிவு செய்து, நீங்களே அனுப்புங்கள். தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். குறியீட்டைத் தள்ளுபடிக் குறியீடுகள் திரட்டும் தளங்களில் போட்டாலோ, எங்கள் கடைப் பெயரில் விளம்பரம் கொடுத்துப் பரப்பினாலோ, அந்தக் குறியீட்டை நிறுத்திவிடுவோம். நிறுத்துவதற்கு முன் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவோம்.

இனி சொல்வது நிபந்தனை இல்லை, எச்சரிக்கை. "உங்கள் ₹75 தயார், இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து யூ.பி.ஐ. பின் எண்ணைப் போடுங்கள்" என்று எங்கள் பெயரைச் சொல்லி யார் பேசினாலும் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் போகும், வராது. பரிசுக்காக நாங்கள் ஓ.டி.பி. கேட்க மாட்டோம், வங்கி விவரம் கேட்க மாட்டோம், கேட்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் அது செயலிக்குள்ளேயே ஏறுகிறது. வாட்ஸ்அப்பில் கோப்பாக வரும் செயலியையும் இறக்காதீர்கள். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டில் மட்டுமே நாங்கள் இருக்கிறோம். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் பேசுங்கள். சைபர் மோசடிகளைப் புகார் செய்வதற்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

நடுவில் நிபந்தனைகளை மாற்றுவோமா? அக்டோபர் 31 வரை இங்கே எழுதியது எழுதியதுதான். அதுவரை யார் எந்த விதியை நம்பி நண்பரை அழைத்தாரோ, அந்த விதிப்படியே அவருக்குப் பரிசு.

கணக்கில் ஏறவேண்டியது ஏறவில்லை என்றால் செயலியின் "உதவி" பகுதியில் நண்பரின் பில் எண்ணை மட்டும் அனுப்புங்கள்; இரண்டு வேலை நாளில் பதில் வரும். தட்டச்சு செய்யப் பிடிக்காதவர்கள் காலை 9 மணி முதல் இரவு 8 மணிக்குள் கடைக்கே வரலாம், ஞாயிறு மதியம்வரை. அந்த நூறு ரூபாய் வாடிக்கையாளர் இப்போதும் வருகிறார். இந்தப் பதிவை முதலில் அவரிடம்தான் படிக்கக் கொடுத்தோம். மூன்று இடத்தில் "புரியவில்லை" என்றார், மூன்றையும் திருத்தினோம்.

செயலியை இறக்க, பதிவின் கீழுள்ள நீலப் பொத்தானைத் தொடுங்கள். பழுப்பு வட்டத்துக்குள் செக்குப் படம் இருந்தால் அது நாங்கள்.

#மதுரை #மரச்செக்கு #நல்லெண்ணெய் #தீபாவளி2026