பொருள்: பார்சல் எண் 70384471: "Delivered" என்று காட்டுகிறது, ஆனால் எங்கள் வீட்டுக்கு வரவில்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். மேலே உள்ள எண்ணுக்குரிய பார்சலில் இருப்பது என் அம்மாவின் காது கேட்கும் கருவி. பழுது பார்த்துத் திரும்பி வந்த பொருள். நேற்று, 12ஆம் தேதி, மதியம் 2:17க்கு அதை எங்களிடம் கொடுத்துவிட்டதாக உங்கள் ஆப் சொல்கிறது. அந்த நேரத்தில் அம்மாவும் நானும் வீட்டில்தான் இருந்தோம். யாரும் வரவில்லை, பெல்லும் அடிக்கவில்லை. ஓடிபியும் யாரும் கேட்கவில்லை.

மூன்று ஸ்கிரீன்ஷாட்களை இணைத்திருக்கிறேன். முதலாவது, 2:18க்கு எடுத்தது: உங்கள் மேப்பில் டெலிவரி நடந்த இடத்தைக் காட்டும் பின். இரண்டாவது, 2:21க்கு என் போன் காட்டிய என் இருப்பிடம். இரண்டுக்கும் இடையே 1.4 கிலோமீட்டர், நடுவில் ஒரு ரயில் பாதை வேறு. மூன்றாவது, உங்கள் ஊழியர் எடுத்த படம். அதில் பழுப்பு நிற இரும்புக் கதவும் பக்கத்தில் செருப்பு ஸ்டாண்டும் தெரிகின்றன. எங்கள் வீட்டில் இரண்டுமே கிடையாது. போனின் மணி தெரியட்டும் என்று எதையும் வெட்டாமல் அப்படியே அனுப்புகிறேன்.

காலையில் போனில் பேசியவர், "ஜிபிஎஸ் கொஞ்சம் தள்ளிக் காட்டும்" என்றார். காட்டும்தான். திறந்த வெளியில் சில மீட்டர், உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் அதிகம். ஆனால் இங்கே அட்சரேகையின் இரண்டாவது தசம இலக்கமே மாறியிருக்கிறது. அந்த இலக்கம் ஒன்று கூடினாலே சுமார் 1.1 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். அதை "கொஞ்சம்" என்று எப்படிச் சொல்வது?

எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் இதே பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அஞ்சல் குறியீடு வேறு. உங்கள் சிஸ்டம் தெருப் பெயரை மட்டும் பார்த்து அங்கே பின்னைப் போட்டிருக்கலாம். அப்படியானால் மேப்பை நம்பிப் போன பையனின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

இப்போது எனக்கு வேண்டியது: படத்தில் உள்ள வீட்டுக்கு இன்றே ஆள் அனுப்பிப் பார்சலை வாங்கி, எங்களிடம் சேர்க்க வேண்டும். அதற்கு முன்பாக "Delivered" என்ற நிலையை மாற்றுங்கள். அது அப்படியே இருக்கும்வரை, கருவியை அனுப்பிய சர்வீஸ் சென்டர் என் புகாரை எடுத்துக்கொள்ள மறுக்கிறது. நேற்றைய ஊழியரின் இருப்பிடப் பதிவையும் அழியாமல் வைத்திருங்கள்.

15ஆம் தேதி மாலைக்குள் பார்சல் வரவில்லை என்றால் கருவியின் முழு விலையையும் நீங்கள் தர வேண்டியிருக்கும். ரசீது என்னிடம் இருக்கிறது. பதிலை மெயிலிலேயே அனுப்புங்கள். போன் செய்தால் அம்மா எடுப்பார், அவருக்கு இப்போது ஒன்றும் கேட்காது.

இப்படிக்கு,
மாலதி

இணைப்பு: ஸ்கிரீன்ஷாட்கள் 3