வண்டி இன்சூரன்ஸ் முடிந்தது பற்றி

திண்டுக்கல்,
24-7-2025

அன்புள்ள முத்துசாமி அண்ணனுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கை வரத்து எப்படி இருக்கிறது?

உங்கள் சரக்கு வண்டியின் பாலிசி ஜூன் 11 நள்ளிரவோடு முடிந்துவிட்டது. இன்றோடு 43 நாள் ஆகிறது. இதில் தப்பு என் பக்கமும் உண்டு. நான் அனுப்பிய நினைவூட்டல் உங்கள் பழைய நம்பருக்குப் போயிருக்கிறது, ஒரே டிக்கோடு நின்றுவிட்டது. நேரில் ஒரு எட்டு வந்து சொல்லியிருக்க வேண்டும், வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

வண்டியை விற்றுவிட்டீர்கள், அல்லது வேறு இடத்தில் போட்டுவிட்டீர்கள் என்றால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிடலாம். எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் நோட்டில் குறித்துக்கொள்வேன். இல்லையென்றால் மேலே படியுங்கள்.

போன வருடம் போட்டோ எடுக்க வந்தபோது பார்த்தேன், வண்டிப் பேப்பரை எல்லாம் ஒரு மஞ்சள் கவரில் போட்டு டிரைவர் தலைக்கு மேலே செருகியிருந்தீர்கள். பழைய பாலிசி இன்னும் அதிலேயே இருக்கும். பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆயுள் காப்பீட்டில் தவணை தவறினால் கொஞ்ச நாள் சலுகை உண்டு. வண்டி இன்சூரன்ஸில் அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. இந்த 43 நாளும் உங்கள் வண்டி எந்தக் காப்பும் இல்லாமல்தான் ஓடுகிறது.

போலீஸ் அபராதம் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000. சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் இருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது அபராதத்துக்காக இல்லை. அதைக் கட்டிவிட்டுப் போய்விடலாம்.

விடியற்காலை லோடோடு போகும்போது ஒரு பைக்காரர் குறுக்கே வந்து இறந்துபோகிறார் என்று வையுங்கள். வயது 30, மாதம் 15,000 சம்பாதிப்பவர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும். கோர்ட்டில் கணக்கு இப்படிப் போகும்: வருட வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,68,000. அந்த வயதுக்கு 17-ஆல் பெருக்குவார்கள். 28,56,000 ரூபாய். ஈமச் செலவு, வட்டி எல்லாம் இதற்கு மேல். டிரைவர் பக்கம் தப்பு என்று முடிவானால், பாலிசி இருந்தால் கம்பெனி கட்டும். இல்லையென்றால் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் கட்ட வேண்டும். ஓட்டியது டிரைவர்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வண்டியும் சும்மா வராது. இழப்பீட்டுக்கு ஈடு காட்டினால்தான் விடுவார்கள்.

இதைப் பயமுறுத்த எழுதவில்லை அண்ணே. தொகை தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

செலவைச் சொல்கிறேன். உங்கள் எடை வண்டிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் வருடத்துக்கு 16,049 ரூபாய், வரி தனி. இது அரசு வைத்த விலை. என்னிடம் போட்டாலும் வேறு எங்கே போட்டாலும் ஒன்றுதான். இப்போது கை கொஞ்சம் இறுக்கம் என்றால் இதை மட்டுமாவது போடுங்கள். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு இதில் எதுவும் கிடைக்காது, ஆனால் மேலே சொன்ன கணக்கு உங்கள் தலையில் விழாது.

ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் ஒரு தேதியைக் கவனியுங்கள். மூன்று வருடம் கிளெய்ம் வாங்காததால் சொந்தச் சேதப் பகுதியில் உங்களுக்கு 35 சதவீதக் கழிவு இருக்கிறது. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் அது போய்விடும், அதாவது செப்டம்பர் 9 வரைதான். விட்ட பாலிசி என்பதால் வண்டியைப் பார்த்துப் படம் எடுத்த பிறகே போட முடியும். நீங்கள் திண்டுக்கல் வர வேண்டாம். லோடு இறக்கிய நேரம் சொன்னால் மார்க்கெட்டுக்கே வருகிறேன். ஆர்.சி., எஃப்.சி., பழைய பாலிசி, மூன்றும் அந்த மஞ்சள் கவரிலேயே இருக்கும்.

ஒன்று மட்டும்: புது பாலிசி அதில் போட்டிருக்கும் நேரத்திலிருந்துதான் செல்லும். இடைப்பட்ட நாளுக்குப் பின்தேதி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

யோசித்துச் சொல்லுங்கள். நான் விடாமல் போன் அடிக்க மாட்டேன். புது நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், நானே கூப்பிடுகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சரவணன்
காப்பீட்டு முகவர், திண்டுக்கல்