ஒத்திகைத் தாள்: தர ஆய்வு ஷிப்ட் சூப்பர்வைசர் நேர்காணல்

இடம் ஓசூர் சிப்காட், கார் உதிரிபாகத் தொழிற்சாலை. போகிறவர் மெக்கானிக்கல் டிப்ளமோ, கோவையில் 4 வருடம் லைன் இன்ஸ்பெக்டர். எதிரே இரண்டு பேர்: தர மேலாளர், எச்ஆர் மேடம். சூழல், செயல், விளைவு என்ற வரிசை எல்லாப் பதிலிலும் இருக்கிறது, ஆனால் அந்த மூன்று சொற்களையும் வாயால் சொல்ல வேண்டாம். மொபைலில் ரெக்கார்டு போட்டு, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 90 விநாடியைத் தாண்டினால் சூழலில் வெட்டுங்கள். செயலில் கை வைக்காதீர்கள், மதிப்பெண் அங்கேதான்.

மேலாளர்: நீங்களா கண்டுபிடிச்சு சரி செஞ்ச ஒரு பிரச்சனை சொல்லுங்க.

பதில்: சொல்றேங்க சார். எங்க லைன்ல 4 சிஎன்சி லேத். 25 மில்லி போர், பிளஸ் 21 மைக்ரான், மைனஸ் கிடையாது. ரெண்டு ஷிப்ட்தான், ராத்திரி மெஷின் நிக்கும். காலையில முதல் ஒரு மணி நேரத்துல மட்டும் 60 பீஸுக்கு 14 வரைக்கும் ஓவர்சைஸ் வந்துது.

எல்லாரும் இன்செர்ட் தேய்மானம்னாங்க. நான் ரெண்டு வாரம், அஞ்சு பீஸுக்கு ஒரு தடவை அளவு எழுதினேன். இன்செர்ட் தேஞ்சா போர் சின்னதாகணும், இது பெருசாகிட்டே போச்சு. திங்கட்கிழமை ரொம்ப மோசம், ஏன்னா ஞாயிறு முழுக்க மெஷின் நின்னிருக்கும். சில்லுனு இருக்கற மெஷின்ல ஆஃப்செட் கொடுத்துடறாங்க, பால் ஸ்க்ரூ சூடேறி நீளும்போது டூல் நகர்ந்துடுது. அந்த ரீடிங்கைக் கொண்டுபோய் மெயின்டெனன்ஸ்ல காமிச்சு, 20 நிமிஷ வார்ம்-அப் புரோகிராம் கேட்டு வாங்கினேன். 7 மணி ஷிப்டுக்கு 6:40க்கே ஓட ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம்தான் முதல் பீஸ், ஆஃப்செட்.

மூணாவது வாரம் 60க்கு 1, மிஞ்சினா 2. இப்ப 4 மெஷின்லயும் அதே வார்ம்-அப்தாங்க.

இங்கே வாயை மூடிக்கொள்ளுங்கள். மேலாளர் ஏதோ எழுதுவார், நாலைந்து விநாடி சத்தமே இருக்காது. அந்த மௌனத்துக்குப் பயந்துதான் பலர் "இதுல இருந்து டீம் ஒர்க் எவ்வளவு முக்கியம்னு…" என்று ஆரம்பித்து, நல்ல பதிலை நாசமாக்குவது. பழைய கம்பெனி எப்போது தொடங்கியது, லேத் என்ன மாடல், யார் யார் இன்செர்ட் என்று சொன்னார்கள் என்பதெல்லாம் முதல் ஒத்திகையில் இருந்தது. அப்போது மூன்றே கால் நிமிடம் ஓடியது.

மேலாளர்: புரோகிராம் நீங்களே எழுதினீங்களா?

பதில்: இல்லைங்க சார், எழுதினது மெயின்டெனன்ஸ். ரீடிங் எடுத்ததும், தேய்மானம் இல்லைனு காமிச்சதும் நான்.

மேலாளர்: 20 நிமிஷம்னு எப்படி முடிவு பண்ணீங்க?

பதில்: 10, 15, 20 மூணும் ஓட்டிப் பார்த்தோம் சார். 15ல அதுக்கப்புறமும் 6 மைக்ரான் நகர்ந்துது. 20ல 3க்குள்ள நின்னுது.

இந்த எண்களை முதல் பதிலிலேயே கொட்டிவிடாதீர்கள். குறுக்குக் கேள்விக்கு ஒன்றிரண்டு கையில் இருந்தால்தான் நிஜமாகச் செய்த ஆள் என்று தெரியும்.

எச்ஆர் மேடம்: கூட வேலை செய்யறவங்களோட கருத்து வேறுபாடு வந்த ஒரு சம்பவம்?

பதில்: வந்திருக்குங்க மேடம். ஒரு நாள் மதியம் 1:30க்கு, 400 பீஸ் லாட்ல த்ரெட்டுக்கு நோ-கோ கேஜ் உள்ள ஏறுச்சு. ஏறக் கூடாது. 3 மணிக்கு வண்டி. புரொடக்ஷன் இன்சார்ஜ் அனுப்பியே ஆகணும்னார், கஸ்டமர் லைன் நின்னா அவர்தான் பதில் சொல்லணும். நான் லாட்டுக்கு ஹோல்டு போட்டிருந்தேன்.

முதல்ல அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: த்ரெட்டிங் இன்செர்ட் எப்ப மாத்தினீங்க? 11:10னார். எங்க பின்ல மணிக்கு மணி டேக் இருக்கும். அதுக்கு முன்னாடி ஓடின 270 பீஸ்ல பின்னுக்கு 10 எடுத்து கேஜ் போட்டேன், எல்லாம் சரி. மீதி 130தான் சந்தேகம். அவர் ஆளு ஒருத்தர், நான் ஒருத்தி, ரெண்டு பேரும் உக்காந்து 130க்கும் கேஜ் போட்டோம். 40 நிமிஷம் ஆச்சு.

22 ரிஜெக்ட். வண்டி 25 நிமிஷம் லேட்டா, 378 பீஸோட போச்சு. அந்த 22 பத்தி கஸ்டமர் குவாலிட்டிக்கு அன்னைக்கே மெயில் போட்டுட்டோம். இப்ப இன்செர்ட் மாத்தினா அவரே எனக்கு ஃபோன் பண்றார் மேடம்.

"கஸ்டமர் லைன் நின்னா அவர்தான் பதில் சொல்லணும்" என்ற வரியை விடாதீர்கள். எதிராளிக்கும் ஒரு நியாயம் இருந்தது என்று அந்த ஒரே வரி சொல்லிவிடுகிறது. இன்சார்ஜை முரட்டு ஆளாகக் காட்டினால், நாளைக்கு நம் இன்சார்ஜ் பற்றியும் இப்படித்தான் வெளியே பேசுவாரோ என்று மேடம் யோசிப்பார். "நான் விட்டுக் கொடுக்கவே இல்லை" மாதிரி வீர வசனமும் வேண்டாம். லாட்டைப் பிரித்ததுதான் இங்கே சாமர்த்தியம், அது கேட்பவருக்குத் தானாகவே தெரியும்.

மேலாளர்: நீங்க செஞ்ச ஒரு தப்பு சொல்லுங்க. பெருசா இருக்கணும்.

பதில்: போர் கேஜ் ஜீரோவைத் தப்பா செட் பண்ணியிருக்கேங்க சார். மாஸ்டர் ரிங் 25 மில்லினு பேரு, ஆனா அதோட உண்மை அளவு 25.010. சர்டிபிகேட்ல இருக்கு. அன்னைக்கு ரிங் புதுசு, நான் சர்டிபிகேட்டைப் பார்க்காம 25.000னு வெச்சு ஜீரோ பண்ணிட்டேன். அப்ப கேஜ் 10 மைக்ரான் குறைச்சுக் காட்டும். 21க்கு மேல, 31 வரைக்கும் இருக்கற பீஸ் எல்லாம் பாஸ் ஆகும்.

80 பீஸ் பாஸ் பண்ணின பிறகு, ஏர் கேஜ்ல ஒண்ணு போட்டுப் பார்த்தப்ப ரீடிங் ஒத்துப் போகலை. உடனே லைனை நிறுத்தச் சொல்லி, சூப்பர்வைசர்கிட்ட நானே போய், தப்பு என்னோடதுனு சொன்னேன். 80ஐயும் ரெட் டேக் போட்டுத் தனியா வெச்சு, சரியான ஜீரோவுல திரும்ப அளந்தேன்.

11 பீஸ் ரிஜெக்ட், ஒண்ணும் வெளிய போகலை. ரிங் பெட்டி மூடியில உண்மை அளவைப் பெருசா எழுதி ஒட்டினேன். ஜீரோ செட் பண்ணினா ரெண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடணும்னு செக் ஷீட்ல ஒரு கட்டம் சேர்த்தாங்க.

"நான் ரொம்ப பெர்பெக்ட், அதுதான் என் குறை" என்ற பதிலை இவர்கள் ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். அதைவிட இந்த 11 பீஸ் எவ்வளவோ மேல். ஆனால் குரல் தழுதழுக்கக் கூடாது. காரணத்தை ஒரு முறை சொன்னால் போதும். புது ரிங், அவசரம், ஆள் பற்றாக்குறை என்று அடுக்கினால் சாக்கு மாதிரி கேட்கும்.

மேலாளர்: ஆளுங்களை நடத்தின அனுபவம் இருக்கா?

பதில்: பதவியில இல்லைங்க சார். சூப்பர்வைசர் 6 நாள் லீவுல போனப்ப ஷிப்டைப் பார்த்துக்கிட்டேன். 3 இன்ஸ்பெக்டருங்க, அதுல ரெண்டு பேர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆச்சு, ஒருத்தர் என்னைவிட சீனியர், அவரு வந்து…

மேலாளர்: அதெல்லாம் இருக்கட்டும். நீங்க என்ன பண்ணீங்க?

பதில்: புதுசா வந்த ரெண்டு பேரையும் ஒரே லைன்ல போடாம, சீனியர் அண்ணனோட ஒருத்தர், என்னோட ஒருத்தர்னு பிரிச்சேன் சார். முதல் ரெண்டு நாள், அவங்க அளந்த பீஸை மணிக்கு 5 வீதம் நாங்க திரும்ப அளந்தோம். 3 மைக்ரானுக்கு மேல வித்தியாசம் வந்தா, கேஜ் பிடிக்கற விதத்தை அங்கேயே நின்னு சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தர் கேஜை ஆட்டாம நேரா குத்தி ரீடிங் எடுத்துட்டிருந்தாரு. முன்னும் பின்னும் லேசா ஆட்டி, முள்ளு திரும்பற இடத்தைப் படிக்கணும் சார், இல்லாட்டி அளவு கூடத்தான் காட்டும்.

நாலாவது நாள்ல இருந்து ரெண்டு பேரும் தனியா நின்னாங்க. அந்த 6 நாள்ல கஸ்டமர்கிட்ட இருந்து ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லை.

குறுக்கே வெட்டினால் பதற வேண்டாம். சூழல் நீண்டுவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். "அதைத்தான் சொல்ல வந்தேன் சார்" என்று சொல்லாமல், நேரே வினைச்சொல்லில் இறங்குங்கள்: பிரிச்சேன், அளந்தோம், சொல்லிக் கொடுத்தேன்.

எச்ஆர் மேடம்: சீனியர் நீங்க சொன்னதைக் கேட்டாரா?

பதில்: முதல் நாள் கேட்கலைங்க மேடம். "எனக்கு எதுக்கு இந்த வேலை"ன்னாரு. டீ டைம்ல போய், "அண்ணா, கேஜ் பிடிக்கறதுல உங்க கை எனக்கு வராது, அந்தப் பையனுக்கு நீங்க சொன்னா நல்லா இருக்கும்"னு கேட்டேன். உண்மையும் அதுதான். அடுத்த நாள் காலையில அவரே அவனை கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாரு.