வேன் வந்தா வருவாங்க
(நிதி திரட்டும் காணொளி, சுமார் 2 நிமிடம். படமெடுப்பவருக்கு: சோக இசை வேண்டாம், காற்றும் வேன் சத்தமும் போதும். பிள்ளையும் வீட்டாரும் சரி என்றால் மட்டும் முகம். வெறுங்கால், கிழிசல் குளோசப் கூடாது.)

காட்சி 1: காலை. அகஸ்தியம்பள்ளி உப்பளப் பாதையில் வேன்.

தலைமையாசிரியை குரல்: வணக்கம். வேதாரண்யம் பக்கம் உப்பளத்துல வேலை பாக்குறவங்க பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம் எங்களுது. ஃபீஸ் கிடையாது. எட்டாவது வரைக்கும் இருக்கு.

காட்சி 2: வகுப்பறை. வாளித் தண்ணீரில் மிதக்கும் கண்ணாடி மானி. அதைப் பிடித்திருக்கும் கை.

குரல்: போன மாசம் ஏழாவதுல ஆவியாதல் பாடம். கொதிக்க வெச்சா தண்ணி போயிடும், உப்பு தங்கும்னு சார் சொல்லிக்கிட்டிருந்தார். ஒரு பொண்ணு எழுந்திரிச்சு, “கொதிக்கவே வேணாம் சார், இருபத்தஞ்சு டிகிரி வந்தா உப்பு விழுந்துடும்”னுச்சு. சார் தப்புன்னுட்டார். மறுநாள் அவங்கப்பாகிட்ட கேட்டு இந்த மானியைக் கொண்டாந்துடுச்சு. அது சொன்ன டிகிரி சூடு இல்லைங்க, உப்புத்தண்ணியோட அடர்த்தி! சார் போர்டை அழிச்சுட்டு சாக்பீஸை அதுகிட்டயே குடுத்துட்டார். நானும் கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்கிட்டேன்.

மாணவி (கேமராவைப் பார்த்து): பாத்தி பாத்தியா தண்ணிய மாத்துவாங்க. வெயில்ல கெட்டியாயிட்டே வரும். மானி மேல ஏறும்.

காட்சி 3: நின்றிருக்கும் வேன். டிரைவர் பானெட்டைத் திறக்கிறார்.

குரல்: இந்தப் பொண்ணு வீடு 9 கிலோமீட்டர். அந்தப் பாதையில பஸ் கிடையாது. வேன் வந்தா வரும், வரலைன்னா வர முடியாது. அவ்வளவுதான் விஷயம். பெத்தவங்களுக்கு அக்கறை இல்லைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. வேன் பத்து நிமிஷம் லேட்டானா எனக்குப் போன் மேல போன் வரும். உப்புக்காத்துல தகரம் நிக்கிறதில்ல, அடிப்பக்கம் ரெண்டு தடவை வெல்டிங் வெச்சாச்சு.

திரையில் எழுத்து:
டீசல் ரூ.15,500
டிரைவர் சம்பளம் ரூ.14,000
ரிப்பேர், இன்சூரன்ஸ் ரூ.5,500
மாதம் மொத்தம் ரூ.35,000. வேனில் வருபவர்கள் 41 பேர்.

குரல்: பத்து மாசத்துக்கு மூணரை லட்சம். பழைய மாணவர்கள் ஒன்றரை லட்சம் சேத்துட்டாங்க. பாக்கி 2 லட்சத்துக்குத்தான் கேக்குறோம். ஒரு பிள்ளைக்கு மாசம் 850 ரூபா வருது. அதுக்காக ஒரு பிள்ளையை உங்க பேர்ல எழுதி வெச்சு, நன்றிக் கடிதம் எழுத வைக்க மாட்டோம். உங்க பணம் வேன் செலவுக்குப் போகும், ரசீது பள்ளி அனுப்பும். மூணு மாசத்துக்கு ஒருக்கா கணக்கும் வரும். 2 லட்சம் சேந்ததும் இந்த வீடியோவை நீக்கிடுவோம்.

காட்சி 4: மாலை. பிள்ளைகள் வேனில் ஏறுகிறார்கள். ஓரத்தில் கியூஆர் குறியீடு.

குரல்: ஒரு பையன் மட்டும் முகம் காட்ட மாட்டேன்னுட்டான். சரிப்பா, நீ மைக்கைப் பிடின்னோம். நீங்க கேட்டதெல்லாம் அவன் பிடிச்ச மைக்லதான்.

பையன் (திரைக்கு வெளியிலிருந்து): டீச்சர், கை வலிக்குது. முடிஞ்சுதா?